120 பெயர்கள், ஒரு மணி நேரம்: ஓர் ஐடிஐ சான்றளிப்பு விழாவின் அறிமுகங்கள்

கொங்குப் பகுதியில் உள்ள ஓர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் நடந்த சான்றளிப்பு விழாவைப் பற்றியது இது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், வெல்டர், கம்ப்யூட்டர் பிரிவான கோபா என்று ஐந்து டிரேடுகள். தேறியவர்களில் 120 பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருவரோடும் அம்மா, அப்பா, தாத்தா, தங்கை என்று இரண்டு மூன்று பேராவது வருவார்கள். விழாவைத் தொகுத்துப் பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. விருந்தினரை அறிமுகம் செய்வதும், பயிற்சி முடித்தவர்களை மேடைக்கு அழைப்பதும் அதில் அடக்கம். முதல்வர் சொன்ன நிபந்தனை ஒன்றுதான்: "ஒரு மணி நேரத்துல முடிச்சிடணும் சார். போன வருஷம் மாதிரி ஆகக் கூடாது."

போன வருஷம் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள, ஸ்டுடியோக்காரர் எடுத்துக் கொடுத்திருந்த வீடியோவை ஓடவிட்டு நேரம் குறித்தோம். பத்தரைக்குக் கூடிய கூட்டம் கலையும்போது மணி ஒன்று இருபது. விருந்தினருக்காகக் காத்திருந்ததிலும் இடையில் மைக் சரிசெய்ததிலும் 39 நிமிடம். விளக்கேற்றலுக்கும் வாழ்த்துப் பாடலுக்கும் 10. பொன்னாடை, நினைவுப் பரிசுக்கு 22. நான்கு விருந்தினர்களை அறிமுகம் செய்ய 14. உரைகளுக்கு 70. சான்றிதழ் வழங்கலுக்கு வெறும் 15 நிமிடம். அதிலும் யார் பெயரும் வாசிக்கப்படவில்லை. "ஃபிட்டர் பிரிவு மாணவர்கள் மேடைக்கு வரவும்" என்று ஓர் அழைப்பு, கும்பலாக ஏறினார்கள், ஃபைலை வாங்கினார்கள், குரூப் போட்டோ, இறங்கினார்கள். பஸ் பிடித்து வந்த ஒரு குடும்பம் இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தும் தங்கள் பிள்ளையின் பெயரை ஒருமுறைகூட ஒலிபெருக்கியில் கேட்கவில்லை.

இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. கல்லூரிகளைப் போல ஐடிஐகளுக்குப் பட்டமளிப்பு விழா மரபு இருந்ததில்லை. தேர்வு முடிவு வரும், பிறகு ஒருநாள் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். நாடு முழுவதும் ஐடிஐகளில் முதன்முறையாகப் பட்டமளிப்பு விழா நடந்தது 2022 செப்டம்பர் 17, விஸ்வகர்மா ஜெயந்தி அன்று. எப்படி நடத்துவது என்பதற்கு முன்மாதிரி எதுவும் கையில் இல்லாததால், பல நிலையங்கள் தாங்கள் பார்த்திருந்த ஆண்டு விழாவின் சட்டத்தையே எடுத்துக்கொண்டன. ஆண்டு விழாவில் மேடையில் இருப்பவர்கள்தான் முக்கியம். சான்றளிப்பு விழாவில் மேடைக்கு ஏறி இறங்குகிறவர்கள் முக்கியம். சட்டம் மாறாமல் நிகழ்ச்சியை மட்டும் மாற்றினால் 15 நிமிடம்தான் மிஞ்சும்.

ஆகவே எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் குறைப்பது என்ற யோசனையை முதலிலேயே விட்டுவிட்டோம். பெயர் வாசிக்கும் நேரத்தைக் கூட்டுவது, அதற்கு வேண்டிய இடத்தை மற்றவற்றிலிருந்து எடுப்பது என்று முடிவானது.

முதலில் வழங்கலைக் கணக்கிட்டோம். ஒருவர் பெயர் கேட்டு நடந்து வந்து, சான்றிதழ் வாங்கி, கேமராவைப் பார்த்து நின்று, நகர்வதற்கு எவ்வளவு ஆகும்? வெறும் மேடையில் பத்துப் பேரை நடக்க வைத்துப் பார்த்தோம். போட்டோவுக்கு எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறியபோது ஆளுக்கு 20 விநாடி ஆனது. தரையில் இரண்டு இடங்களில் டேப் ஒட்டி, ஒன்றில் வாங்குபவர், இன்னொன்றில் அடுத்தவர் என்று நிற்க வைத்தபோது 12 விநாடியாகக் குறைந்தது. 120 பேருக்கு 40 நிமிடம் என்பது 24 நிமிடமானது. பெயரை வேகமாக வாசித்து நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பெயர் சொல்ல மூன்று விநாடிதான் ஆகிறது. நேரத்தைத் தின்பது நடையும் போட்டோவும். தனிப் படமே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். வீட்டுச் சுவரில் மாட்டப் போவது அந்தப் படத்தைத்தான்.

இனி விருந்தினர் அறிமுகம். அந்த ஆண்டு வந்தவர் அரசியல்வாதியோ அதிகாரியோ அல்ல, கோவையில் சொந்தமாக லேத் பட்டறை வைத்து, பம்ப் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுப்பவர். அவருடைய உதவியாளரிடமிருந்து ஆங்கிலத்தில் இரண்டு பக்க பயோடேட்டா வந்தது. சங்கப் பதவிகள், அறக்கட்டளை உறுப்பினர் பதவி, வாங்கிய விருதுகள், போய்வந்த நாடுகள் எல்லாம் அதில் இருந்தன. அதை அப்படியே தமிழாக்கி வாசித்தால் ஏழெட்டு நிமிடம் ஓடும். பந்தலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அந்தப் பட்டியலில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

அந்தத் தாளில் இல்லாத ஒரு கேள்வியைத் தொலைபேசியில் அவரிடமே கேட்டேன்: "ஐயா, நீங்க எங்கே தொழில் கத்துக்கிட்டீங்க?" சிரித்தார். "உங்க ஐடிஐலதாங்க. டர்னர். அந்தப் பழைய ஷெட்டு இன்னும் இருக்கா?" பயோடேட்டாவில் படிப்பு என்ற இடத்தில் பின்னாளில் அஞ்சல் வழியில் முடித்த பட்டம் மட்டும்தான் இருந்தது. ஐடிஐ படிப்பை உதவியாளர் எழுதாமல் விட்டிருந்தார். அறிமுகம் முழுவதும் அந்த ஒரு பதிலிலிருந்து பிறந்தது.

எழுதியதை மேடையேற்றும் முன் அவரிடம் வாசித்துக் காட்டினேன். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. பயோடேட்டாவில் 'நிறுவனர்' என்று இருந்ததால் நானும் 'தனியாளாகத் தொடங்கி' என்று எழுதியிருந்தேன். "அண்ணனும் நானும் சேர்ந்துதாங்க ஆரம்பிச்சோம். அன்னைக்கு அண்ணனும் வர்றாரு" என்றார். அந்த ஒரு சொல்லோடு மேடையில் வாசித்திருந்தால், முன்வரிசையில் அண்ணன் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் நின்றது இது:

"இன்றைக்கு நம்முடைய சிறப்பு விருந்தினர் இதே வளாகத்தில் டர்னர் படித்தவர். கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தார். பிறகு அண்ணனோடு சேர்ந்து இரண்டு லேத்துகளை வைத்துப் பட்டறை தொடங்கினார். இன்று அந்தப் பட்டறையில் 60 பேர் வேலை செய்கிறார்கள். அதில் நான்கு பேர் நம் மாணவர்கள். இன்று உங்கள் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வழங்க வந்திருக்கிறார்."

இதைத் தொடர்ந்து பெயர், 'அவர்களை வரவேற்கிறோம்', அவ்வளவே. நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிடத்தைத் தாண்டாது. பெயரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், கைதட்டல் எங்கே எழ வேண்டும் என்பது கூட்டத்துக்குத் தானாகத் தெரிய வேண்டும் என்பதுதான். பெயரை முதலில் சொல்லிவிட்டால் அங்கேயே தட்டிவிடுகிறார்கள். பிறகு சொல்லும் வாக்கியங்கள் அந்த ஓசையில் பாதி கரையும். இன்னொன்று, பெயருக்கு முன் அடைமொழி எதுவும் போடவில்லை. 'தொழில் வேந்தர்', 'கொடை வள்ளல்' போன்றவை விருந்தினரைவிட அறிமுகம் செய்பவரைத்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். அமைச்சரோ நீதிபதியோ வந்தால் 'மாண்புமிகு' சேர்ப்பது நெறிமுறை, அதை விடக் கூடாது. மற்றவர்களுக்கு 'திரு', 'அவர்கள்' இரண்டும் போதுமான மரியாதை.

அறிமுகத்தை நான் வாசிக்கவில்லை, டர்னர் பிரிவின் ஜேடிஓ வாசித்தார். அவர் மைக் பிடித்துப் பழகியவர் இல்லை, குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் டர்னர் ஒருவரை டர்னர் வாத்தியார் அறிமுகம் செய்தது பொருத்தமாக இருந்தது. எனக்கும் மூச்சு விட நேரம் கிடைத்தது.

மேடையில் இருந்த மற்றவர்களுக்குத் தனி அறிமுகமே இல்லை. முதல்வர் தம் வரவேற்புரையில் ஒவ்வொருவர் பெயரையும் பதவியையும் ஒருமுறை சொல்லி வணங்கிவிடுவது என்று முன்கூட்டியே அவர்களிடம் பேசியாகிவிட்டது. பொன்னாடை விருந்தினர் ஒருவருக்கு மட்டும். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு புத்தகம், அதுவும் உட்கார்ந்த இடத்திலேயே. பொன்னாடைக்கு ஆள் எழுந்து வர வேண்டும், போர்த்துபவர் வர வேண்டும், போட்டோவுக்குத் திரும்ப வேண்டும். முந்தைய ஆண்டின் 22 நிமிடம் பெரும்பாலும் அந்த வழியில்தான் போயிருந்தது.

மாணவர்களை எப்படி அறிமுகம் செய்வது என்பதில்தான் நிறைய விவாதம் நடந்தது. 120 பேரைப் பற்றித் தனித்தனியாகப் பேச முடியாது. பெயரை மட்டும் வாசித்தால் வருகைப் பதிவேடு வாசிப்பது போல ஆகிவிடும். கண்ட வழி இது: ஒவ்வொரு டிரேடையும் தொடங்கும்போது, இந்தப் பிள்ளைகள் இப்போது என்ன செய்யத் தெரிந்தவர்கள் என்று 20 விநாடியில் சொல்வது, பிறகு பெயரும் ஊரும். ஐந்து டிரேடுக்கும் சேர்த்து இரண்டு நிமிடத்துக்குள் அடங்கும்.

அந்த 20 விநாடியை ஜேடிஓக்களிடம் எழுதித் தரச் சொன்னோம். வந்தவற்றில் பெரும்பாலானவை பாடத்திட்டத்தின் முன்னுரை போல இருந்தன. 'திறன் மேம்பாட்டின் மூலம் சுயசார்பு' என்று ஒருவர் தொடங்கியிருந்தார். ஃபிட்டர் ஜேடிஓவிடம் போய், "சார், பசங்க கடைசியா ஒர்க்‌ஷாப்ல என்ன பண்ணாங்க?" என்று கேட்டேன். "டவ்டெயில் ஃபிட்டிங். இரும்புத் துண்டு ரெண்டையும் அரத்தாலயே தேய்ச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோக்கணும். பாயிண்ட் ஜீரோ ஃபோருக்குள்ள வரணும்." அது அப்படியே மேடைக்குப் போனது:

"ஃபிட்டர் பிரிவு. இரண்டு ஆண்டுப் பயிற்சி. இவர்கள் இரண்டு இரும்புத் துண்டுகளைக் கையால் அரம் போட்டு, ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தச் செய்பவர்கள். அதில் அனுமதிக்கப்படும் பிழை 0.04 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தாத்தா ஒருவர் தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி விரலிடுக்கில் வைத்துப் பார்த்ததை மேடையிலிருந்தே பார்த்தேன். வெல்டருக்கு: "ஓராண்டுப் பயிற்சி. நின்றபடி, குனிந்தபடி, தலைக்கு மேல் என்று எந்த நிலையிலும் தகடுகளை இணைக்கக் கற்றவர்கள்." எலக்ட்ரீஷியனுக்கு, எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துத் திரும்ப வைண்டிங் செய்து ஓட வைப்பவர்கள் என்று. கோபாவுக்குத்தான் கஷ்டப்பட்டோம். கம்ப்யூட்டரில் செய்வதைக் காதில் விழும்படிச் சொல்வது எளிதாக இல்லை. "ஒரு கடையின் கணக்கு முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, மாதக் கடைசியில் லாப நஷ்டம் எடுத்துத் தரக்கூடியவர்கள்" என்று ஒருவழியாக நிறுத்தினோம். முழுத் திருப்தி இல்லை.

அடுத்து பெயர்ப் பட்டியல். சான்றிதழ் இப்போது மின்வடிவில் வருகிறது. இறக்கி, அச்சிட்டுத்தான் தருகிறோம். பட்டியலில் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும். அதை வைத்து வாசிப்பவர் குறில் எது நெடில் எது, லகரமா ளகரமா என்று ஊகிக்க வேண்டியதுதான். ஊகம் தவறினால் அந்தக் குடும்பத்துக்கு அதுவே நினைவில் நிற்கும். அதனால் ஒத்திகை நாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டுக் கொடுத்து, மேடையில் எப்படி அழைக்க வேண்டுமோ அப்படியே தமிழில் எழுதச் சொன்னோம். முன்னெழுத்து அப்பாவுடையதா, அம்மாவுடையதா, இரண்டுமா என்பது அவர்கள் விருப்பம். அடுத்த வரியில் 'சொல்ல வேண்டிய ஊர்'. அதைச் சொல்லாமல் விடவும் உரிமை உண்டு. சில ஊர்களில் தெருவின் பெயரோ காலனியின் பெயரோ சாதியைச் சொல்லிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த வரியைச் சிலர் வெறுமையாக விட்டார்கள், சிலர் தாலுகாவை எழுதினார்கள். பெற்றோரின் தொழிலையும் சேர்க்கலாம், உருக்கமாக இருக்கும் என்று விழாக் குழுவில் ஒருவர் சொன்னார். அப்பா இல்லாத வீடு, பிரிந்த வீடு, சொல்ல விரும்பாத வீடு என்று பல இருக்கும். அந்த யோசனையை உடனே கைவிட்டோம்.

சீட்டின் பெரிய பயன் விழா நாளில்தான் தெரிந்தது. மாணவர் மேடைப் படியில் ஏறும்போது தன் சீட்டைத் தானே என்னிடம் நீட்டுவார், நான் அதைப் பார்த்து வாசிப்பேன். பட்டியல் வரிசையை யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. வராதவர் பெயரை அழைத்துவிட்டு எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலைமையும் வராது. ஃபைல்தான் ஒரு சிக்கல். வரிசை கலைந்தால் ஒருவர் கையில் இன்னொருவர் சான்றிதழ் போய்விடும். எனவே மேடையில் எல்லோருக்கும் வெற்று ஃபைல்; அசல், கீழே டிரேடுவாரியாகப் போட்ட மேசையில் கையெழுத்துக்குப் பிறகு. இதை முந்தின நாளே பிள்ளைகளிடம் சொல்லி வீட்டிலும் சொல்ல வைத்தோம். சொல்லாமல் விட்டால் ஃபைலைத் திறந்து பார்க்கும் அம்மா பயந்துபோவார். பெயரில் எழுத்துப்பிழை இருந்து திருத்தத்துக்குப் போயிருந்த சில சான்றிதழ்களுக்கும் இதனால் மேடையில் வேறுபாடு தெரியவில்லை. ஒரு பாடம் பாக்கி இருப்பவர்களின் பெயர் மட்டும் சீட்டிலேயே வரவில்லை. அவர்களுக்கு முன்கூட்டியே தனியாகச் சொல்லப்பட்டது.

விருந்தினர் உரையை வழங்கலுக்கு முன்பா பின்பா வைப்பது? பின்பு என்றால், பிள்ளை ஃபைலோடு இறங்கியதும் குடும்பம் படம் எடுக்க வெளியே போய்விடும், விருந்தினர் காலி நாற்காலிகளிடம் பேசுவார். முன்பு என்றால் பேச்சு நீளும் ஆபத்து. முன்பு வைத்தோம். பத்து நிமிடம் என்று அவரிடம் நேரில் கேட்டுக்கொண்டதோடு, மாணவர்களை டிரேடு வரிசையில் மேடையின் பக்கவாட்டில் நிற்க வைத்துவிட்டோம். எதிரே 120 பேர் நிற்கும்போது யாருக்கும் ரொம்ப நேரம் பேசத் தோன்றாது.

விழா நாளில் விருந்தினர் கால் மணி நேரம் தாமதமாக வந்தார். அதோடு அழைப்பிதழில் இல்லாத உயர் அதிகாரி ஒருவரும் வந்து சேர்ந்தார். இப்படி வருபவர்களுக்காகவே ஒரு வரி தயாராக வைத்திருந்தேன்: பெயர், பதவி, 'நம் அழைப்பை ஏற்று வந்தமைக்கு நன்றி'. பெயரைத் தாளில் எழுதி வாங்கி, இரண்டு முறை வாயசைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன். அவரிடம் வாழ்த்துரை கேட்கவில்லை, சான்றிதழ் வழங்கலில் பாதி டிரேடுகளை அவரிடம் ஒப்படைத்தோம். அவருக்கும் அதுவே மகிழ்ச்சி. விருந்தினர் 16 நிமிடம் பேசினார். பழைய ஷெட்டில் ஜாப் பாழாகி வாத்தியாரிடம் வாங்கிய அடியைச் சொன்னபோது பந்தலே சிரித்தது. மிஞ்சிய ஆறு நிமிடத்துக்கு யாரும் குறைபடவில்லை.

தடுமாறியது ஒரே இடத்தில். எலக்ட்ரீஷியன் பையன்கள் தங்களில் ஒவ்வொருவருக்கும் விசில் அடித்ததில், அடுத்தவரின் பெயர் முழுகத் தொடங்கியது. மேடையிலிருந்து இதைக் கண்டுபிடிப்பது எளிது: பெயரைச் சொன்னதும் கூட்டத்தில் எங்காவது ஒரு மொபைல் போன் உயர வேண்டும். உயரவில்லை என்றால் அந்த வீட்டுக்குக் காதில் விழவில்லை. கைதட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஓசை அடங்கும்வரை இரண்டு மூன்று விநாடி நிறுத்தினேன். பெயருக்கு முன் ஒரு சின்ன இடைவெளி, பெயர், பின் ஓர் இடைவெளி, ஊர். காதில் விழாத பெயர்களை மறுபடியும் சொன்னேன். வழங்கல் 24 நிமிடத்துக்குப் பதில் 29 ஆனது இதனால்தான். நாட்டுப்பண் முடிந்தபோது மணி பன்னிரண்டாகச் சில நிமிடங்கள் இருந்தன. தாமதமாகத் தொடங்கியதிலிருந்து கணக்குப் பார்த்தால் ஒரு மணி நேரத்தை ஏழெட்டு நிமிடம் தாண்டியிருந்தது.

இந்த முறை எந்த அளவு வரை தாங்கும் என்றால், என் கணிப்பில் 150 பேர், மிஞ்சினால் 180 பேர். 400 பேர் முடிக்கும் பெரிய நிலையத்தில் ஆளுக்கு 12 விநாடி என்றாலே 80 நிமிடம் வழங்கலுக்கே போய்விடும். அரை மணி நேரத்துக்குப் பிறகு தன் வீட்டுப் பிள்ளையின் பெயருக்கு மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு மற்ற நேரம் கூட்டம் பேசத் தொடங்கிவிடும். அங்கே பெயர்களை வெட்டுவதைவிட விழாவையே டிரேடுகளாகப் பிரித்துக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று நடத்துவது நல்லது. விருந்தினர் இரண்டுக்கும் இருக்க முடியாவிட்டால் மதியத்துக்கு வேறு ஒருவரை அழைக்கலாம். முன்னாள் மாணவர்களில் ஆள் கிடைக்காத ஐடிஐ அநேகமாக இருக்காது. இரண்டு விழா என்றால் பந்தல் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கூடும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். பந்தல் ஒரே நாள் வாடகைதான். மதியக் கூட்டத்துக்குச் சாப்பாடு போடாமல் டீயும் வடையும் கொடுத்தால் போதும்.